ஞாயிறு மொத்தமாகவா, தினம் ஒரு கூறா, வாரம் இரண்டு தடவையா? சின்ன மீனில் ஒரு வாரச் சமையல்

கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வாரத்தில் நாலைந்து நாள் மீன் வைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் குழம்பு, வறுவல், குழம்பு, வறுவல் என்றுதான் போகிறது. பெரிய மீன் கட்டுப்படியாகவில்லை. சின்ன மீன் வாங்கினால் ஆய்ந்தே பொழுது போய்விடுகிறது. மொத்தமாக வாங்கி ஃப்ரிட்ஜில் போடலாமா, அன்றன்றைக்கு வாங்கலாமா?" இதே கேள்வியை இதற்கு முன்பும் இரண்டு மூன்று பேர் வேறு வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்போது வாங்குவது என்பது ஒன்று, எப்படிச் சமைப்பது என்பது இன்னொன்று. பல வருஷமாக இரண்டையும் தனித்தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மீன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற சமையலை அதற்குக் கொடுத்துவிட்டால், வாரத்தில் ஒரே பதார்த்தம் திரும்பத் திரும்ப வராது. வாங்கும் நாளும் தானாக அமைந்துவிடும்.

நான் இருப்பது திருவாரூரில். நாகப்பட்டினத்திலிருந்து மீன் காலையில் வந்து சேர்கிறது. இங்கே நான் சொல்வது மத்தி, நெத்திலி, காரப்பொடி, ஜிலேபிக் கெண்டை, கருவாடு ஆகியவற்றைப் பற்றி மட்டும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது. ஆகவே வாரம் என்பது எங்களுக்கு ஐந்து நாள். வேளாங்கண்ணிப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் மீன் கட்டாயம் என்பவர்கள் நாளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

வாயில் போவதன் விலை. கிலோ விலை ஏமாற்றும். சமீபத்தில் ஒரு வாரம் வாங்கிய மீனை எல்லாம் ஆய்ந்த பிறகு வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன். மத்தி கிலோ 160 ரூபாய். தலையும் குடலும் செதிலும் போக 620 கிராம் நின்றது. நெத்திலி அரைக் கிலோ 110 ரூபாய். 370 கிராம் நின்றது, அதில் முள்ளும் சேர்த்தே தின்றுவிடலாம். ஜிலேபி கிலோ 140 ரூபாய். அவித்து முள் எடுத்தபோது சதை 350 கிராம்தான். காரப்பொடி கிலோ 100 ரூபாய் என்று எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது, ஆனால் உடம்பே தட்டை, நடுவில் முள், சதை கால்வாசி தேறினால் அதிகம். கணக்குப் போட்டால் ஜிலேபிச் சதையும் காரப்பொடிச் சதையும் கிலோ 400 ரூபாயில் வந்து நிற்கின்றன. மத்தி 260 ரூபாயை ஒட்டி, நெத்திலி 300 ரூபாயை ஒட்டி. சந்தையில் மலிவானது இலையில் மலிவாக இருக்கவில்லை.

ஆயும் நேரம். பெரிய மீன் வாங்கினால் மீன்காரம்மாவே வெட்டிக் கொடுத்துவிடுவார். பொடி மீனை யாரும் ஆய்ந்து தருவதில்லை. தந்தாலும் தனிக் கூலி. அரைக் கிலோ நெத்திலியில் நூறு மீனுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலோடு இழுத்தால் பழகிய கைக்கே அரை மணிக்கு மேல் ஆகும்.

தாங்கும் நேரம். இதுதான் முக்கியம். மத்தியும் நெத்திலியும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழும் மீன்கள். அவற்றின் குடலில் செரிமானச் சாறு வலுவானது. மீன் செத்த பிறகு அந்தச் சாறு உள்ளிருந்தே வயிற்றுச் சுவரைக் கரைக்கும். அதனால்தான் கூடையில் மற்ற மீன் நன்றாக இருக்கும்போது நெத்திலியும் மத்தியும் வயிறு உடைந்து கிடக்கின்றன. மீன்காரம்மா "வயித்தப் பாரு தம்பி, ஒடையல" என்று சொல்லி நீட்டுவது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. செவுள் சிவப்பையும் கண் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால், இந்த இரண்டு மீனில் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும்.

## வழி 1: அன்றன்றைக்கு வாங்குவது

ருசிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. அதுவும் கூறு கட்டி விற்கும் இடத்தில், பத்து மணிக்கு மேல் போனால் மிச்சக் கூறைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் கூறுக்குத் தராசு கிடையாது. மேலே நல்ல மீன், அடியில் உடைந்தது என்று கலந்திருக்கும். விரலால் கூறைக் கலைத்துப் பார்க்க விடாதவரிடம் நான் வாங்குவதில்லை.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். தினமும் போக வர அரை மணி, ஆய்வது அரை மணி. வேலைக்குப் போகிறவருக்கு இது மூன்றாம் நாளே அலுத்துவிடும். அலுத்த நாளில் கை தானாக வெட்டிய பெரிய மீன் பக்கம் போகும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். இன்னொன்று, தினமும் வாங்குகிறவர் திட்டம் போட முடியாது. என்ன வந்திருக்கிறதோ அதுதான். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகு போகவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் வெறும் ஐஸ் மீன்தான் கிடைக்கும்.

நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் மாதிரி கரையோரத்தில் இருப்பவர்களும், வீட்டில் ஆய்வதற்கு ஆள் இருப்பவர்களும் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் மீன் இறங்கும்போது ஃப்ரிட்ஜ் எதற்கு?

## வழி 2: ஞாயிறு மொத்தமாக வாங்கி வைப்பது

கணக்கில் இதுதான் அழகாக இருக்கும். மூன்று கிலோ சேர்த்து வாங்கினால் கிலோவுக்குப் பத்து இருபது குறையும். ஒரே உட்காரலில் ஆய்ந்துவிடலாம். நானும் ஒரு வருஷம் இப்படித்தான் செய்தேன், ஒரு மத்தி என்னை நிறுத்தும் வரை.

ஞாயிறு வாங்கிய மத்தியை ஆய்ந்து, மஞ்சள் உப்புப் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். நடுவில் மின்சாரம் சில மணி நேரம் இல்லை. புதன்கிழமை எடுத்தபோது நாற்றம் எதுவும் தெரியவில்லை. நன்றாக முறுகலாக வறுத்துத் தின்றோம். கால் மணியில் எனக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்பு. மீன் ஒவ்வாமை என்று நினைத்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் எத்தனை நாள் பழசு?"

மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதை சூட்டில் கிடக்கும்போது அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. பாக்டீரியா செய்கிற வேலை அது. மீன் நாறித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கவனிக்க வேண்டியது, எவ்வளவு வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. பழைய மத்தியை "நல்லா முறுக வறுத்துட்டா ஒண்ணும் ஆகாது" என்பது தவறு. வாயில் வைத்ததும் மிளகு தின்றது போல நாக்கு சுருசுருவென்றால் அந்த வாயைத் துப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுவதே நல்லது.

மொத்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கீழ்த்தட்டை மறந்துவிட்டு அன்றைக்கே உறைய வையுங்கள். ஆய்ந்த மீனை ஒரு வேளைக்கு வேண்டிய அளவு டப்பாவில் போட்டு, மீன் மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காற்று படாது. மத்தி கொழுப்பு மீன் என்பதால் காற்று பட்டால் உறைந்த நிலையிலும் எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும். இப்படி வைத்ததையும் நான் மூன்று வாரத்துக்கு மேல் விடுவதில்லை. உறைந்து இளகிய மத்தி குழம்புக்கு ஆகும். வறுவலுக்குச் சதை தளர்ந்து கல்லில் ஒட்டும். இந்த வழியில் சமையல் வகை தானாகச் சுருங்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் சந்தைக்குப் போக முடிகிறவர்களுக்கும், சந்தையிலிருந்து வெகு தூரத்தில் உள்ளடங்கிய கிராமத்தில் இருப்பவர்களுக்கும் இது சரி. அவர்கள் மத்தியைக் குறைத்து, வெள்ளைச் சதை மீனைக் கூட்டிக்கொள்ளலாம். கொழுப்பு குறைந்த மீன் உறைபெட்டியில் கூடுதலாகத் தாங்கும்.

## வழி 3: ஞாயிறு ஒரு தடவை, புதன் ஒரு தடவை, சனிக்குக் கருவாடு

நான் கடைசியில் வந்து நின்றது இங்கே. ஒவ்வொரு தடவையும் இரண்டு வகை மீன். ஒன்று அன்றைக்கே தீர வேண்டியது, மற்றது அன்றைக்கே சமைத்து மறுநாள் தின்னக்கூடியது, அல்லது மறுநாள் வரை பச்சையாகத் தாங்கக்கூடியது. பச்சை மீனை இரண்டு நாள் காப்பதைவிடக் குழம்பாக்கிக் காப்பது எளிது என்பதுதான் இதன் சூட்சுமம்.

| | தினமும் | ஞாயிறு மொத்தம் | இரண்டு தடவை |
|---|---|---|---|
| விலை | கூறு கிடைத்தால் மிகக் குறைவு | கொஞ்சம் குறைவு | நடுத்தரம் |
| ஆயும் வேலை | தினம் அரை மணி | ஒரே நாள், இரண்டு மணி | இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி |
| கெடும் ஆபத்து | இல்லை என்றே சொல்லலாம் | மத்தி, நெத்திலியில் அதிகம் | குறைவு |
| சமையல் வகை | கிடைத்த மீனைப் பொறுத்தது | குழம்புப் பக்கம் சாயும் | அதிகம் |
| மறைந்த செலவு | நேரம், போக்குவரத்து | மின்சாரம், தளர்ந்த சதை | புதன் காலை ஒரு மணி முன்னதாக எழுவது |

எங்கள் வீட்டில் நான்கு பேர். மேலே தராசில் போட்ட அந்த வாரத்தையே நாள் வாரியாகச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம், நெத்திலி வறுவல். வாங்கிய இரண்டில் முதலில் தீர வேண்டியது இது. அரைக் கிலோவை ஆய்ந்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு கரண்டி அரிசி மாவு பிசறிக் கால் மணி வைத்தேன். முன்பெல்லாம் வாணலி நிறைய எண்ணெய் ஊற்றித்தான் பொரிப்பேன். மீன் பொரித்த எண்ணெயை வேறு எதற்கும் ஊற்ற முடியாது, மிஞ்சிய எண்ணெயின் காசை மீன் விலையோடு கூட்டினால் நெத்திலி மலிவு மீனே இல்லை. இப்போது இரும்புத் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய், மூன்று ஈடாகப் பரப்பி வறுக்கிறேன். தொட்டுக்கொள்ள வறுவல், ஊற்றிக்கொள்ள ரசம். அன்றைக்குக் குழம்பு வைப்பதில்லை.

ஞாயிறு சாயங்காலம் வைத்து திங்கள் சாப்பிடும் மத்திக் குழம்பு. மத்தியை வாங்கி வந்ததும் ஆய்ந்து, சல்லடையில் போட்டு, மேலும் கீழும் ஐஸ் கட்டி வைத்து, சல்லடைக்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டேன். உருகிய தண்ணீர் கீழே வடிய வேண்டும், மீன் அதில் ஊறக் கூடாது. சாயங்காலம் மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு தக்காளி, எலுமிச்சை அளவு புளி. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகுதான் மீன். போட்டபின் கரண்டி கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டிவிட்டால் போதும். ஏழெட்டு நிமிஷம். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, திங்கள் மதியம் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டோம். புளி சதைக்குள் இறங்கி, வைத்த அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் இரவு படுக்கும் முன் ஒரு கொதி, காலை ஒரு கொதி விடத்தான் வேண்டும். மீன் கொஞ்சம் உடையும்.

சின்னப் பிள்ளைகள் முள்ளுக்குப் பயந்தால் மத்தியைப் புளிக் கரைசலோடு குக்கரில் போட்டுச் சிறு தீயில் அரை மணி விடுங்கள். முள் மெத்தென்று கடிபட்டுவிடும். ருசி வேறு மாதிரி இருக்கும், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, பிள்ளைகள் தின்கிறார்கள்.

புதன் மதியம், காரப்பொடி சாறு. சதைக்காக இதை வாங்கினால் நஷ்டம் என்று முன்னாலேயே சொன்னேன். இதை வாங்குவது சாற்றுக்காக. பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுக்கும் மீன் இது. முக்கால் கிலோ, 75 ரூபாய். உடம்பெல்லாம் வழுவழுப்பு, கல் உப்புப் போட்டுக் கல்லில் தேய்த்துக் கழுவாவிட்டால் சாறு கொழகொழவென்றாகிவிடும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி, மஞ்சள், தண்ணீர் நிறைய. பத்து நிமிஷம் கொதித்ததும் இறக்கி, சாற்றைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு மீனை விரலால் உருவித் தின்ன வேண்டியதுதான். அவசரத்தில் தின்கிற மீன் இல்லை. ஆபீசுக்குப் போகும் நாளில் வைத்தால் வீட்டில் திட்டு விழும்.

வியாழன், ஜிலேபிப் புட்டு. புதன் காலை உயிரோடு துள்ளியதை வாங்கி வந்து, வெட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தது. வெள்ளைச் சதை, குளத்திலிருந்து நேரே வந்தது, ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். இதன் வம்பு சேற்று வாடை. புளித்த மோரில் கால் மணி ஊற வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு உடைத்துவிடுகிறது. மஞ்சள் போட்டு அவித்து, முள் எடுத்து, உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாய் பூண்டு தாளித்துப் புரட்டினால் சுறாப் புட்டு மாதிரியே வரும். சதை 350 கிராம்தான் என்றாலும் அதே அளவு வெங்காயம் சேர்வதால் நான்கு பேருக்குக் காணும். குறைந்த சதையை நீட்டிக் கொடுக்கும் சமையல் இது ஒன்றுதான். ஜிலேபியை வறுத்திருந்தால் ஆளுக்கு இரண்டு வாய்கூட வந்திருக்காது.

சனி, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. நூறு கிராம் 50 ரூபாய். வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு மண் அடியில் தங்கியதும் எடுத்து இரண்டு தண்ணீர் கழுவி, கத்தரிக்காயோடு. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

ஐந்து நாளும் சேர்த்து 535 ரூபாய். அன்று வஞ்சிரம் கிலோ ஆயிரத்தை ஒட்டி இருந்தது, அரைக் கிலோவை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆய்ந்த நேரம் இரண்டு நாளும் சேர்ந்து இரண்டு மணிக்கு மேல். அந்த நேரத்துக்கு நீங்கள் போடும் விலையைப் பொறுத்து என் கணக்கு உங்களுக்குச் சரியாக வரலாம், வராமலும் போகலாம்.

## இந்தத் திட்டம் உடையும் மாதங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடலில் தடை. இழுவலையில் வரும் காரப்பொடி அப்போது அபூர்வம். ஃபைபர் படகுகள் போகும் என்பதால் மத்தியும் நெத்திலியும் கொஞ்சம் வரும், ஆனால் விலை ஏறியிருக்கும். "பச்சை மீன்" என்று சொல்லி வெளியூர் ஐஸ் மீனை விற்பதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதமும் நான் புதன் வாங்குதலை முழுக்கக் குளத்து மீனுக்கு மாற்றிவிடுவேன். ஜிலேபி ஒரு வாரம் புட்டு, மறுவாரம் மாங்காய் போட்டுக் குழம்பு. மாங்காயும் அப்போது மலிவு, புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

புரட்டாசியில் நேர் எதிர். பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடுவதால் மீன் விலை இறங்கும். கூத்தாநல்லூர் வாசகிக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் இல்லை என்றால் அந்த ஒரு மாதம் மட்டும் வழி 2 உங்களுக்கு லாபம். மத்தியைத் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள், டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள், நெத்திலியை மட்டும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.